சாப்பிட்ட பின் சைலிட்டால் சூயிங்கம் மென்றால் பல்லைக் காப்பது எது: சைலிட்டாலா, ஊறும் உமிழ்நீரா?

கேள்வி: மதிய உணவுக்குப் பிறகு வேலையிடத்தில் பல் துலக்க வசதிப்படுவதில்லை. சைலிட்டால் சூயிங்கம் மென்றால் சொத்தை வராது என்று பலரும் சொல்கிறார்கள். பல்லைக் காப்பது உண்மையில் அந்தச் சைலிட்டாலா, அல்லது மெல்லும்போது ஊறும் உமிழ்நீரா? எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை முறை மெல்ல வேண்டும்? எனக்கு மருந்துகளால் வாய் கொஞ்சம் வறண்டே இருக்கும்.

பதில்:

வேலையின் பெரும்பகுதியைச் செய்வது உமிழ்நீர்தான். சைலிட்டால் அதற்குத் துணை நிற்கிறது. உணவு முடிந்த சில நிமிடங்களுக்குள் தொடங்கி 20 நிமிடம், நாளொன்றுக்கு மூன்று முறை மென்றால் பயன் உண்டு. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என் கண்ணில் முக்கியமாகப் படுகிறது. வாய் வறண்டவருக்குச் சூயிங்கம் மற்றவர்களைவிட அதிகமாகவும் உதவலாம், அறவே உதவாமலும் போகலாம். எது நடக்கும் என்பதை அளந்து பார்த்துவிட முடியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், உணவு உண்டபின் பல்லின் மேல் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பல்லின்மீது எப்போதும் ஒரு மெல்லிய கிருமிப் படலம் ஒட்டியிருக்கும். காலையில் நாக்கால் தடவினால் வழவழப்பாகவோ சற்றுச் சொரசொரப்பாகவோ தெரிவது அதுதான். இனிப்போ மாவுப்பொருளோ வாய்க்குள் வந்ததும் அந்தப் படலத்தில் வாழும் கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. 1940-களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார். அமிலம் கூடக் கூடக் குறைவது பி.எச். அளவு; ஓரிரு நிமிடங்களிலேயே அது செங்குத்தாகச் சரிந்தது. பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு ஏறியது. இறங்குவது பள்ளத்தில் விழுவது போல, ஏறுவது மலையேறுவது போல. இந்த வளைகோட்டைத்தான் பல் மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் ஸ்டீஃபன் வளைகோடு என்று படிக்கிறார்கள்.

அந்த அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிபவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். வேரின் மேற்பரப்பு எனாமலைவிட மென்மையானது, 6-ஐ ஒட்டிய அளவிலேயே அது கரையத் தொடங்கிவிடும். ஆகவே பல்லுக்கு வரும் கேடு, எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்பதைக் காட்டிலும், அந்த எல்லைக்கோட்டுக்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தோம் என்பதைப் பொறுத்தது. சாப்பிட்டபின் சூயிங்கம் மெல்வதன் நோக்கமே அந்த நிமிடங்களைக் குறைப்பதுதான். வேறு எந்த அதிசயத்தையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஓய்வாக இருக்கும்போது நம் வாயில் நிமிடத்துக்குச் சுமார் 0.3 அல்லது 0.4 மி.லி. உமிழ்நீர்தான் சுரக்கிறது. பேசுகிறோம், விழுங்குகிறோம், அவ்வளவுக்கு அது போதும். சூயிங்கத்தை வாயில் போட்டுக் கடித்த முதல் நிமிடத்தில் அது பத்து மடங்கு வரை பெருகும். இனிப்பும் மணமும் நாக்கைத் தூண்டுவது பாதி, தாடையின் அசைவு மீதி. நாலைந்து நிமிடத்தில் சுவை கரைந்து வெளியேறிவிடும். அதோடு சுரப்பும் இறங்கும். ஆனால் அது ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. 20 நிமிடம் ஆன பிறகும், சுவையற்ற அந்தப் பிசினை மென்றுகொண்டிருக்கும் வரை, ஓய்வு அளவைப்போல் இரண்டரை மூன்று மடங்கு உமிழ்நீர் வந்துகொண்டுதான் இருக்கும். சுவை போனதும் துப்பிவிடுவது மிகச் சாதாரணமான தவறு. அப்படிச் செய்பவர்கள், பற்படலத்தின் அமிலம் இன்னும் அடங்காத நேரத்தில் உதவியைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

அளவு கூடுவது ஒரு பங்கு செய்தி மட்டுமே. வரும் உமிழ்நீரின் தன்மையும் மாறுகிறது. அமிலத்தை ஈடுகட்டும் முக்கியப் பொருள் பைகார்பனேட். மெதுவாக ஊறும் உமிழ்நீரில் அது மிகக் குறைவு. வேகமாகச் சுரக்கும் உமிழ்நீரில் பல மடங்கு அதிகம். மெல்லும்போது காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் சுரப்பிகள் சுறுசுறுப்பாகின்றன. அவற்றின் நாளம் மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் திறக்கிறது. கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, புளிப்பான எதையாவது நாக்கில் வைத்தால், தெளிந்த நீர்த்துளி ஒன்று அங்கே திரண்டு வருவதைப் பார்க்கலாம். அந்த நீர்தான் நாம் தேடும் சரக்கு.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெல்லாமல் சும்மா இருந்தால் 20 நிமிடத்தில் 7 மி.லி. அளவு உமிழ்நீர் வரும். மென்றால் தொடக்கத்தின் வேகத்தையும் பின்னர் வரும் மந்தத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 40 மி.லி. பக்கத்தில் வரும். பைகார்பனேட்டின் செறிவு லிட்டருக்கு 5 மில்லிமோல் என்பதிலிருந்து 20 மில்லிமோல் வரை உயர்வதாக எடுத்துக்கொள்வோம். அப்படியானால், ஏறத்தாழ ஆறு மடங்கு அளவும் நான்கு மடங்கு செறிவும் பெருக, பல்லருகே வந்துசேரும் அமிலமுறிப்புத் திறன் இருபது மடங்குக்கு மேல். ஆளுக்கு ஆள் எண்கள் மாறும். ஆனாலும் மெல்வதற்கும் மெல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு சில சதவீதக் கணக்கில் இல்லை என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்தே இருக்கின்றன, பி.எச். ஏறும்போது அவை எனாமலில் திரும்பப் படியக்கூடிய நிலையில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஆரம்ப நிலைக் கரைவு இப்படித்தான் மறுபடி நிரம்புகிறது. அருகில் ஃபுளோரைடு கொஞ்சம் இருந்தால் அந்த நிரப்பல் நன்றாக நடக்கும். ஓட்டை விழுந்துவிட்ட சொத்தையை எந்த உமிழ்நீரும் நிரப்பாது. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சூயிங்கம் மென்று சொத்தையை ஆற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் ஆறு மாதம் தள்ளிப்போட்டு, நரம்பு வரை போன பிறகு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உமிழ்நீர் வாயெங்கும் ஒரே மாதிரி பரவுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல்லின்மேல் அது பத்தில் ஒரு மி.மீ. தடிமன்கூட எட்டாத படலமாக ஊர்கிறது. கீழ்முன்பற்களின் உட்புறத்தில் அந்தப் படலம் வேகமாக நகர்கிறது. மேல்முன்பற்களின் வெளிப்புறத்தில், உதட்டுக்கு அடியில், மிக மந்தமாக நகர்கிறது. கீழ்முன்பற்களின் பின்னால் சுண்ணாம்பு போல் கெட்டிப் படிவதும், அங்கே சொத்தை அரிதாக இருப்பதும் இந்த ஓட்டத்தின் இரு விளைவுகள். மேல்முன்பற்களின் வெளிப்புறமோ இனிப்புத் தண்ணீர் புட்டியோடு தூங்கும் குழந்தைகளுக்கு முதலில் அழிந்துபோகும் இடம். ஆகவே மெல்லும்போது ஒரே பக்கத்தில் வைத்து அரைக்காமல் இரு பக்கமும் மாற்றுங்கள். இடையிடையே உதட்டுக்கும் மேல் ஈறுக்கும் இடையே நாக்கால் உமிழ்நீரைத் தள்ளிவிடுவதும் கைச்செலவு இல்லாத நல்ல பழக்கம். பற்களுக்கு இடையே இறுகிச் செருகிக்கொண்ட உணவுத் துணுக்கைச் சூயிங்கம் எடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது நூலுக்கும் இடைத் தூரிகைக்கும் உரிய வேலை.

இனி சைலிட்டாலுக்கு வருகிறேன். அது ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை ஆல்கஹால். இனிப்பில் சாதாரணச் சர்க்கரைக்கு ஏறத்தாழச் சமம். சொத்தைக்குக் காரணமான கிருமிகளில் முதன்மையானதாகச் சொல்லப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சைலிட்டாலை ஃபிரக்டோஸ் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனபின் அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அதற்கு மேல் அதை உடைக்கத் தெரியாமல் திணறும். அப்படித் தேங்கும் பொருள் கிருமிக்கு இடைஞ்சல் என்பதால் அதை வெளியே தள்ள மறுபடியும் ஆற்றலைச் செலவிட வேண்டும். கிருமியைக் கொல்வது அல்ல இது. வரவு இல்லாத செலவில் அதை மாட்டிவைப்பது. விளைவு: அமிலம் உருவாவதில்லை, சிலருக்குக் காலப்போக்கில் அந்தக் கிருமியின் எண்ணிக்கையும் பற்படலமும் குறைகின்றன. தொடர்ந்து பயன்படுத்துவோர் வாயில் சைலிட்டாலை உள்ளே இழுக்காத வகைக் கிருமிகள் பெருகுவதும் உண்டு. ஆகவே கிருமி எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றியை அளப்பது சரியன்று.

பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970-களின் தொடக்கத்தில் ஷைனின், மேக்கினென் ஆகியோர் நடத்திய ஆய்வுகள்தான் சைலிட்டாலுக்கு இவ்வளவு பெயரைத் தேடித் தந்தன. இரண்டாண்டு ஆய்வில் ஒரு பிரிவினர் உணவில் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டாலையே உண்டனர். அவர்களுக்குப் புதிய சொத்தை மிகக் குறைவாக இருந்தது. ஓராண்டுச் சூயிங்கம் ஆய்வில் ஒரு பிரிவினர் சைலிட்டால் சூயிங்கமும் மற்றப் பிரிவினர் சர்க்கரைச் சூயிங்கமும் மென்றனர். அங்கும் சைலிட்டாலே வென்றது. ஆனால் கவனித்துப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். ஒப்பிடப்பட்டது சர்க்கரைச் சூயிங்கத்தோடு. அப்படியானால் கண்ட வேறுபாட்டில் எவ்வளவு சைலிட்டாலின் நன்மை, எவ்வளவு சர்க்கரையின் தீமை?

அந்த முடிச்சை அவிழ்க்க உதவுபவை பின்னர் வந்த இரண்டு ஆய்வுகள். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் 1989 முதல் 1993 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளிடம் 40 மாதம் நடந்த ஆய்வில் சூயிங்கம் மெல்லாத பிரிவும் இருந்தது, சைலிட்டால், அதைப் போன்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹாலான சார்பிட்டால், சர்க்கரை என்று பல வகைச் சூயிங்கமும் ஒப்பிடப்பட்டன. சைலிட்டால் முதலிடத்தில் நின்றது. சார்பிட்டாலுக்கும் பயன் இருந்தது, ஆனால் குறைவு. சர்க்கரைச் சூயிங்கம் சொத்தையைச் சற்றே கூட்டியது. இதைப் படித்துவிட்டுச் சைலிட்டாலுக்கே முழுக் கைதட்டல் கொடுக்கலாம். ஆனால் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் பள்ளிக் குழந்தைகளிடம் மூன்றாண்டு நடந்த ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. அதில் சைலிட்டால் சூயிங்கம் மென்றவர்களும், சார்பிட்டால் சூயிங்கம் மென்றவர்களும், இவ்விரண்டும் சேர்க்காத ஒப்பீட்டுச் சூயிங்கம் மென்றவர்களும் பெரிதும் வேறுபடவில்லை. சூயிங்கமே மெல்லாதவர்களைவிட அவர்கள் நிலை மேலாக இருந்தது. பாதுகாப்பு மெல்லுதலிலிருந்தே வருகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு பக்கத்திலிருந்து அதையே சொல்கிறது. அங்கே சூயிங்கம் இல்லை. நாளுக்கு 5 கிராம் சைலிட்டாலை வாயில் கரையும் மாத்திரையாகக் கொடுத்து 33 மாதம் கவனித்தனர். மொத்தச் சொத்தைக் கணக்கில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. வேர்ப்பகுதிச் சொத்தையில் மட்டும் குறைவு தெரிந்தது. மெல்லுவதை எடுத்துவிட்டுச் சைலிட்டாலை மட்டும் தந்தால் பலன் மெலிந்துபோகிறது என்று நான் இதை வாசிக்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் சைலிட்டால் பொருள்களுக்கான சான்றுகளின் தரம் குறைவு என்றே கூறியது. ஃபுளோரைடோடு சைலிட்டால் சேர்ந்த பற்பசைக்கு மட்டும் ஓரளவு பயன் காணப்பட்டது. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: இரண்டு சூயிங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சைலிட்டால் மிகுந்ததை எடுங்கள், சார்பிட்டால் மட்டுமே கிடைத்தால் அதை மெல்லுங்கள், சைலிட்டால் கிடைக்கவில்லை என்பதற்காக மெல்லாமல் இருப்பதுதான் இருப்பதில் மோசமான தேர்வு. சர்க்கரைச் சூயிங்கத்தை மட்டும் தொடவே வேண்டாம்.

சைலிட்டாலின் தனிப்பலனும் வேண்டும் என்றால் அளவைக் கவனிக்க வேண்டும். கிருமியின் மேல் விளைவு தெரிய நாளுக்கு 5 முதல் 10 கிராம் தேவைப்படுகிறது. 3 கிராம் அளவுக்கு எந்த மாற்றமும் பெரிதாகத் தெரிவதில்லை. 10 கிராமுக்கு மேலே போனாலும் கூடுதல் ஆதாயம் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல், சைலிட்டாலால் மட்டுமே இனிப்பூட்டப்பட்ட சூயிங்கத்தை 2 முதல் 3 கிராம் வீதம் நாளுக்கு மூன்று முறையாவது உணவுக்குப் பின் மெல்வது குழந்தைகளின் சொத்தை வாய்ப்பைக் குறைக்கிறது என்ற கூற்றை ஏற்றுக்கொண்டது. அந்த "மட்டுமே" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உறையின் முகப்பில் சைலிட்டால் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பின்பக்கத்தின் பொடி எழுத்தைப் படித்தால் சார்பிட்டால், பிசின், மால்ட்டிட்டால் எல்லாம் வந்த பிறகு கடைசி வரிசையில் சைலிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும். பொருள்களை எடை மிகுதியின் வரிசையில் எழுதுவது வழக்கம் என்பதால், சைலிட்டால் முதலாவதாகவோ பிசினுக்கு அடுத்தோ வந்தால்தான் அது கணக்கில் சேரும். வில்லைக்கு எத்தனை கிராம் என்றும் எழுதியிருந்தால் நல்லது. 1 கிராம் இருந்தால் வேளைக்கு இரண்டு வில்லை, மூன்று வேளைக்கு 6 கிராம். வாயில் போட்டதும் தோன்றும் குளிர்ச்சியை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சைலிட்டால் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் அது வருவது உண்மைதான். ஆனால் மற்ற இனிப்பு ஆல்கஹால்களும் ஓரளவு அப்படிக் குளிரும், புதினா மணமும் அதே உணர்வைத் தரும்.

பழச்சுவை வகைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. புளிப்புக்காகச் சிட்ரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். உமிழ்நீர் நன்றாகத்தான் ஊறும், ஆனால் முறிக்க வேண்டிய அமிலத்தை நாமே உள்ளே ஊற்றுவதாகும். வாய் வறண்டவர்கள் இந்தப் புளிப்பு வகையைத்தான் தேடி வாங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் சட்டென்று எச்சிலை ஊறவைக்கிறது. புதினா வகையே அவர்களுக்கு நல்லது.

நீங்கள் வாய் வறட்சி என்று குறிப்பிட்டதால், என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஐம்பதைக் கடந்த பெண்மணி. மனச்சோர்வுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுத்துவந்தார். முன்பு சொத்தையே இல்லாதவருக்கு ஓராண்டில் மூன்று வேர்ச்சொத்தைகள், எல்லாமே ஈறோரத்தில். உமிழ்நீரை அளந்து பார்த்தோம். ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் பருகாமல் இருக்கச் சொல்லி, முதலில் வாயில் உள்ளதை விழுங்கவைத்து, தலையைச் சற்று முன்சாய்த்து உட்காரவைத்து, கீழுதட்டின் வழியே தானாக வடிவதை எடை பார்த்த ஒரு சிறு கோப்பையில் 5 நிமிடம் சேகரித்தோம். நுரையால் அளவு ஏமாற்றும் என்பதால் கோப்பையை மறுபடி எடை போடுவதே சரி. ஒரு கிராம் என்றால் ஏறத்தாழ ஒரு மி.லி. அவருக்கு 0.7 கிராம் வந்தது, அதாவது நிமிடத்துக்கு 0.14. 0.1-ஐத் தொட்டாலே கடும் குறைபாடு. அவர் அதன் வாசலில் நின்றார். பிறகு சுவையற்ற மெழுகை மெல்லச் சொல்லி, மறுபடி 5 நிமிடம், ஊறுவதை அவ்வப்போது கோப்பையில் துப்பச் சொன்னோம். இம்முறை 5.5 கிராம், நிமிடத்துக்கு 1.1. அவருடைய சுரப்பிகள் சேதமடையவில்லை. மருந்து அவற்றைத் தூங்கவைத்திருக்கிறது, தட்டினால் எழுகின்றன என்று பொருள்.

இப்படிப்பட்டவருக்குச் சூயிங்கம் உண்மையாகவே உதவும். ஆனால் சூயிங்கத்தை எழுதித் தருவதற்கு முன் அவர் வாயை நனைக்க என்ன செய்கிறார் என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு கோப்பையில் இனிப்புப் பானத்தை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை வாய்க்கு ஒரு மிடறாகக் குடித்துவந்திருக்கிறார். ஒவ்வொரு மிடறும் ஒரு புதிய ஸ்டீஃபன் வளைகோடு. முந்தைய சரிவிலிருந்து ஏறுவதற்குள் அடுத்தது. அந்தக் கோப்பையில் வெறும் தண்ணீரை ஊற்றச் சொன்னோம்; இனிப்புப் பானம் வேண்டுமென்றால் உணவோடு சேர்த்து. மூன்று உணவுக்குப் பின்னும் சைலிட்டால் சூயிங்கம் 20 நிமிடம். ஃபுளோரைடு அதிகமுள்ள பற்பசை, இரவில் துலக்கியபின் துப்பிவிட்டுக் கொப்பளிக்காமல் படுக்கை. ஓராண்டுக்குப் பின் புதிய சொத்தை இல்லை, பழையவற்றின் ஓரம் இறுகி மினுமினுத்தது. ஓய்வு அளவை மறுபடி எடுத்தபோது 0.8 கிராம்தான்; அங்கே பெரிய மாற்றமில்லை. வெற்றியில் சூயிங்கத்தின் பங்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டால், அந்தக் கோப்பையில் பானம் தண்ணீராக மாறியதற்கே முதல் பங்கைக் கொடுப்பேன்.

அதே மாதத்தில் வந்த இன்னொருவருக்குத் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திருந்தது. மெழுகை 5 நிமிடம் மென்றும் அவரால் துப்ப முடிந்தது 0.4 கிராம். சுரப்பித் திசுவே போய்விட்டால் தூண்டுதற்கு எதுவும் மிச்சமில்லை. அவருக்குச் சூயிங்கம் வாயின் உட்தோலில் ஒட்டி உரசிப் புண்ணாக்கியது, நிறுத்திவிட்டோம். மெல்லும்போது நிமிடத்துக்கு 0.5 மி.லி.-க்குக் கீழே வருபவர் சூயிங்கத்தை நம்பிக் காலம் கடத்தாமல், செயற்கை உமிழ்நீரும் ஃபுளோரைடுப் பூச்சும் குறித்துப் பல் மருத்துவரோடு பேச வேண்டும். வீட்டில் உங்களுக்கு எடைத்தராசு இருந்தால் இந்த இரண்டு அளவையும் நீங்களே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து உண்டா என்று எழுதித் தந்தவரைக் கேளுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சில சொற்கள். உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மென்றால் வளைகோடு பெரும்பாலும் தானே ஏறிவிட்டிருக்கும். சாப்பிட்ட ஐந்து நிமிடத்துக்குள் தொடங்குவதே கணக்கு. பல் துலக்கிய உடனே மெல்லாதீர்கள். அப்போது வாயில் தங்கியிருக்க வேண்டிய ஃபுளோரைடைப் பெருகும் உமிழ்நீர் சீக்கிரம் கழுவிவிடும். படுக்கைக்கு முன் மெல்வது பல் துலக்கலுக்கு மாற்றாகாது, ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் ஏறத்தாழ நின்றே போகும். சூயிங்கத்தைத் துப்பிய சில நிமிடங்களில் அதன் உதவியும் முடிந்துவிடும். பகலில் அரை மணிக்கு ஒரு முறை மெல்வதும் வேண்டாம். தாடை மூட்டில் வலியோ சொடுக்கொலியோ உள்ளவர்களுக்கு 20 நிமிடமே அதிகமாகலாம். 10 நிமிடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீரால் கொப்பளியுங்கள். வயிற்றுப்பொருமலும் பேதியும் வந்தால் அளவைப் பாதியாக்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள். குடல் எளிதில் கலங்குபவர்களுக்குச் சைலிட்டால், சார்பிட்டால் இரண்டுமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இதயத்துக்குக் கெடுதல் என்று வந்த செய்தியைக் கேட்டுச் சிலர் பயப்படுகிறார்கள். 2024-இல் வெளிவந்த ஆய்வில், 30 கிராம் சைலிட்டால் கலந்த பானத்தைக் குடித்தவர்களின் இரத்தத்தில் அதன் அளவு ஏறி, இரத்தத் தட்டணுக்கள் உறையும் போக்கு சற்று நேரம் கூடியதைக் கண்டனர். அது ஒரே மடக்கில் 30 கிராம். நாம் பேசுவது வேளைக்கு 2 கிராம், 20 நிமிடத்தில் மெல்லக் கரைவது. அந்தப் பயம் பானங்களிலும் தின்பண்டங்களிலும் சைலிட்டாலைக் கொட்டிச் சாப்பிடுபவர்களுக்கு உரியது. இதய நோய் உள்ளவர் தம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். சூயிங்கத்தை விழுங்கும் வயதுச் சிறு குழந்தைகளுக்குத் தர வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் நாய் இருந்தால் பையை மேசைமேல் திறந்து வைக்காதீர்கள். மனிதருக்குச் சாதுவான சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கெடுக்கச் செய்து இரத்தச் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் என்ற அளவே அதற்குப் போதும். 8 கிலோ நாய்க்கு ஒரு கிராம் கொண்ட ஒரே வில்லை அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தியோ தள்ளாட்டமோ வரட்டும் என்று காத்திராமல், உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.